எண்பத்திரண்டு கிலோ நல்ல மனிதர்

கடைத்தெருவில் ஒரு மணி நேரத்தின் விலை நாலு கிலோ எழுநூறு கிராம். பேரம் கிடையாது. அந்த விலைக்கு ஒரே ஒரு முறைதான் வியாபாரம் நடந்தது. வாங்கியவள் தராசு பழுது பார்க்கும் பெண், அதுவும் வாங்குகிறோம் என்று தெரியாமலே. கொடுத்தவர் அடுத்த கடையில் குடை விற்பவர், தன் உடம்பிலிருந்து. அந்த மணி நேரம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில். அப்போது கடிகாரம் எதுவும் அடிக்காது. நிழல்கள் விழுந்த இடத்திலேயே நிற்கும். வெயில் பழைய பித்தளை நிறத்தில் தெருவின் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடக்கும். வெளியூர்க்காரர்கள் தெருமுனையில் கால் வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏன் என்று தெரியாமல். உள்ளூர்க்காரர்கள் அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்குவார்கள்.

குடைக்கடைக்காரரை எல்லோரும் 'அவ்வளவுதானே' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன சங்கடம் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல். "அவ்வளவுதானே? விடுங்க, பார்த்துக்கலாம்" என்பார். மறுநாள் அந்தச் சங்கடம் இருக்காது. எப்படிப் போயிற்று என்று யாரும் விசாரித்ததில்லை. போன சங்கடத்தை விசாரிப்பதற்குக் கடைத்தெருவில் யாருக்கும் பொழுது கிடையாது. ஆள் நல்ல பருமன், நல்ல குரல், நல்ல மனசு. ஒரே குறை, தனியாக இருக்கத் தெரியாது. மழை பெய்யாத மாதங்களில் குடைக்கடைக்கு யார் வருவார்கள்? காலையிலிருந்து தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். ஒருமுறை முடிதிருத்துபவர், தன் கடை நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து கதையளந்த இவரிடம் உண்மையை முகத்துக்கு நேராகச் சொன்னார்: "நீங்க ரொம்பப் பேசுறீங்கண்ணே, வர்ற ஆளுங்க ஓடிப்போறாங்க." 'அவ்வளவுதானே' என்றார் குடைக்கடைக்காரர். அன்றிலிருந்து நாலு மாதம் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கொட்டாவி கூட ஓசையில்லாமல் வந்தது. அது பழைய கதை.

தராசுக்காரியின் வேலை எல்லோரும் நினைப்பது போல இல்லை. சுத்தியலும் ஸ்பேனரும் பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கு சும்மா உட்கார்ந்து பார்ப்பது. தட்டை விட்டதும் முள் ஆடும். ஆட்டம் அடங்கி முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு திருகாணியை ஒரு நூலளவு திருக வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் அவளைச் சுற்றி மூன்று பிள்ளைகள், படுக்கையிலிருந்தே அதிகாரம் செய்யும் மாமியார், எதற்கும் யோசனை சொல்லும் வாத்தியார் புருஷன். கடையில் அவளும் முள்ளும் மட்டும். முள் நிற்கும் அந்த நொடியில் உலகத்தில் யாருக்கும் அவள் எதுவும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வீட்டைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்களோ என்ற பயம்.

மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசுகளைச் சரிபார்க்க அவளிடம் முத்திரை குத்திய இரும்புக்கட்டிகள் இரண்டு இருந்தன, இருபது இருபது கிலோ. அதற்கு மேல் ஏற்றிப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துக் கடையைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். 'அவ்வளவுதானே' வந்து மேடையில் ஏறி நிற்பார். ஆறு வருஷமாக அவர் எண்பத்திரண்டு கிலோ. வெயிலிலும் மழையிலும் எண்பத்திரண்டு. "அரசாங்க முத்திரை ஒண்ணுதான் குத்தலை" என்று அவரே தொப்பையைத் தட்டிக்கொள்வார். அந்த வருஷம் இரும்புக்கட்டிகளை மறு முத்திரைக்கு எடையளவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. மூன்று மாதம் ஆகும் என்றார்கள். பரவாயில்லை, ஆள் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள்.

கட்டிகள் போன மறுநாள் அவர் கேட்டார். "தங்கச்சி, நம்ம ரெண்டு கடைக்கும் நடுவுல இருக்கற சுவர்ல ஒரு கதவு வச்சுட்டா என்ன? நீ பாட்டுக்கு வேலை பாரு, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருப்பேன்."

வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அவள் மாமியாருக்கு நடுராத்திரியில் மூச்சுத் திணறியபோது வண்டியோடு வந்து நின்றவர் அவர். அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. "எனக்கென்னண்ணே, கட்டட ஓனர் ஒத்துக்கணுமே! அவர் கப்பல் ஏறிப் போய் எட்டு வருஷம் ஆச்சு" என்றாள். அன்று சாயங்காலம் இதைக் கேட்ட வாத்தியார், அடடா, என்ன நயம் என்று மெச்சினார். ஒருத்தர் மனசை உடைக்காமல் தப்பிப்பதற்குப் பொய்யை விட நல்ல மருந்து இல்லை என்பது அவர் கட்சி. அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. முந்தின வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த சீப்பு வியாபாரியிடம், வீட்டில் பெரியவங்க இல்லை என்றார், அவனும் சரி என்று போய்விட்டான், யாருக்கும் நஷ்டமில்லை. வாத்தியார் மறந்தது ஒன்றுதான். சீப்பு வியாபாரி மறுநாள் வரமாட்டான். பக்கத்துக் கடைக்காரர் வருவார்.

மறுநாள் காலை கட்டட உரிமையாளர் குடைக்கடைக் கதவைத் தட்டினார். முழங்கால் வரை கடல் தண்ணீர் சொட்டியது. எப்படி வந்தேன் என்று அவருக்கே விளங்கவில்லை. இரவு அங்கே படுத்தேன், காலையில் இங்கே நிற்கிறேன் என்றார். ஈரக் கையோடு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "அவ்வளவுதானே?" என்றார் குடைக்கடைக்காரர், சந்தோஷமாக. அன்று ஒரு மேடைத் தராசில் அவர் ஏறியபோது முள் எழுபத்தெட்டு கிலோ எண்ணூறில் நின்றது. தராசு தேய்ந்துவிட்டது என்று நினைத்தாள். மூன்று கிலோ இருநூறு குறைவு என்று நோட்டில் எழுதிவிட்டு, எண்பத்திரண்டு காட்டும் வரை திருகினாள்.

கடைத்தெருவில் பிறந்த பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன் தெரிந்துவிடும் ஒன்று உண்டு. காரணம் சொல்கிற ஆள் வாங்கப் போகிற ஆள். "கலர் பிடிக்கலை" என்றால் வேறு கலரை விரிக்க வேண்டும். "கையில காசில்லை" என்றால் தவணை பேச வேண்டும். "வீட்டுல கேட்கணும்" என்றால் வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு காரணமும் வியாபாரிக்குத் திறந்து வைத்த ஜன்னல். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நடக்கிறவனைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அவனை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இத்தனையும் தெரிந்த தெரு, தான் மறுக்க வேண்டி வந்தால் மட்டும் காரணத்தை எடுத்து விரிக்கும். தராசுக்காரியும் விரித்தாள்.

சுவரை இடித்தால் மாடி வீடு இறங்கிவிடும் என்றாள். அது பொய், மாடியைத் தாங்குவது சுவர் இல்லை, உத்திரம். மறுநாள் மாடி வீடு தன் தரையோடும் தொட்டிச் செடிகளோடும் உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த குடும்பத்தோடும் நாலு விரற்கடை மேலே போய் நின்றது. கீழிருந்து பார்த்தால் இடைவெளியில் மறுபக்கத்து வானம் ஒரு நீல நாடாவாகத் தெரிந்தது. அதற்குள் கையை விட்டவர்கள் குளிர்ந்த கிணற்றில் விட்டது போல இருக்கிறது என்றார்கள். சிலர் கையை எடுத்த பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றார்கள். மாடிக்காரர்கள் சொன்ன ஒரே புகார், கடைசிப் படி உயரமாகிவிட்டது என்பது. அன்று முள்ளில் ஆறு கிலோ ஐந்நூறு குறைந்தது. அடுத்து, தூசி வந்து தராசில் உட்காரும் என்றாள். இது மெய். தூசி அந்தத் தெருவில் உட்காருவதை விட்டுவிட்டது. கதிர் விழும் இடத்தில் தங்கப் பொடி போலச் சுற்றிக்கொண்டே இருக்கும், இறங்காது. மெய்யான தடை என்பதால் மலிவு, இரண்டு கிலோ நூறு. நேரமே இல்லை என்றாள். மெய்யாகச் சொன்னால் நேரம் இருந்தது, அதைப் பங்கு போடத்தான் மனமில்லை. அப்போதுதான் அந்த மணி நேரம் வந்தது. கடைசியில் முழங்கால் வலி, ஆள் நடமாட்டத்துக்கு எழுந்து எழுந்து வழிவிட முடியாது என்றாள். வலது கால் என்று அவரிடம் சொல்லிவிட்டு, தெருவில் இடது காலை நொண்டினாள். யாரோ கேட்டபோது வாத்தியார் இடுப்பு என்று சொல்லி வைத்தார். இல்லாத வலியை நீக்க வேண்டுமானால் முதலில் அதை உண்டாக்க வேண்டும். ஒரு நிமிஷம் இரண்டு முழங்காலிலும் இடுப்பிலும் ஊசி இறங்கியது போலத் துடித்துவிட்டு எழுந்தவள், பதினாறு வயதுக் கால்களோடு எழுந்தாள். ஐந்து கிலோ ஐந்நூறு.

ஒவ்வொரு முறையும் அவள் தராசைத்தான் சந்தேகப்பட்டாள். ஒவ்வொரு முறையும் எண்பத்திரண்டு வரும் வரை திருகினாள். அந்த மூன்று மாதத்தில் அவளிடம் பழுதுக்கு வந்த பன்னிரண்டு கடைகளின் தராசுகளும் அந்தந்த வாரத்து 'அவ்வளவுதானே'யை வைத்துத்தான் சரிபார்க்கப்பட்டன. தெருவில் பன்னிரண்டு விதமான கிலோ நடமாடியது. முத்திரைக் கட்டிகள் திரும்பி வந்த அன்று ஒன்றைத் தூக்கி மேடையில் வைத்தாள். இருபது கிலோ இரும்பு இருபத்தேழு கிலோ முந்நூறு காட்டியது.

வெகு நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரும்பு பருக்காது. அப்படியானால் மனிதர் குறைந்திருக்கிறார். நோட்டைப் புரட்டினாள். குறைவு எழுதிய தேதிகள் எல்லாம் அவள் சாக்குச் சொன்ன நாளுக்கு மறுநாள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெரிய மனிதர் இப்போது வெறும் அறுபது கிலோ. ஆனால் பார்வைக்குத் தெரியவில்லையே?

அதற்கு விடை அவர் மனைவியிடம் இருந்தது. தராசுக்காரி போய்க் கேட்டதும் அலமாரியைத் திறந்து காட்டினாள். சட்டைகளுக்கு உள்ளே தோளிலும் வயிற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. "நாலு பேர் என்ன ஆச்சுன்னு கேட்பாங்களேன்னுதான் தச்சேன். இதுவும் ஒரு பொய்தான், வச்சுக்கோ. அந்த முடிவெட்டற ஆளு பண்ணதுல ஆறு கிலோ போச்சு. அப்போ எண்பத்தெட்டு இருந்தாரு. இப்போ உன்னால."

"அவர் உண்மையைத்தானே சொன்னாரு?"

"என்ன உண்மை? இவர் மேல குறை சொன்னாரு. குறைன்னா இவர் சரி பண்ணாம விடுவாரா? மத்தவங்க சங்கடத்துக்குக் கையும் காலும் போதும், தன்னை ஒதுக்கற காரணத்தைச் சரி பண்ணத்தான் உடம்பு கரையுது. ஒருத்தராவது 'எனக்கு இஷ்டமில்லை'ன்னு சொல்லிட்டுப் போகக் கூடாதா? அதைச் சரி பண்ண இவரால முடியாது."

தராசுக்காரி வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாளைக்கே நேரே சொல்லிவிடப் போகிறேன் என்றாள். வாத்தியார் பதறினார். "இந்த நிலைமையிலயா? ஏற்கனவே பஞ்சு வச்சு நிக்கற ஆளு. 'உன் பேச்சு வேண்டாம்'னு சொன்னா உயிரே போயிடும். பேசாம பழியை என் மேல போடு. புருஷன் கோவக்காரன், கதவு வைக்க விடமாட்டேங்கறான்னு நானே போய்ச் சொல்லிடறேன். புருஷனை யாரும் சரி பண்ண முடியாது." அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வாத்தியார் எதையும் ஆட்சேபிக்காத மனிதராகக் கண் விழித்தார். பால்காரன் விலையை ஏற்றினான், சரி என்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமாட்டோம் என்றார்கள், சரி என்றார். மூத்தவன் வீட்டுக்குள் கழுதை வளர்க்கலாமா என்று கேட்டான். "தாராளமா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி. மாமியார் படுக்கையிலிருந்து அதைப் பார்த்துப் பயந்து அழுதாள். தராசுக்காரி கடைக்கு ஓடினாள். இரும்பை வைத்துச் சரிபார்த்த தராசில் குடைக்கடைக்காரரை ஏற்றினாள். முள் ஐம்பத்தொன்று நானூறில் நின்றது, நடுக்கமே இல்லாமல். அவர் அதைப் பார்க்கவில்லை. மேடையில் நின்றபடியே சிரித்துக்கொண்டு, "அப்போ கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லட்டுமா தங்கச்சி?" என்றார்.

இன்றைக்கு இன்னொரு காரணம் சொன்னால் நாளைக்கு நாற்பது கிலோ. அதற்கடுத்த நாளைக்கு அவளிடம் கணக்கு இல்லை.

அன்று அந்த மணி நேரம் வரும் வரை காத்திருந்தாள். நிழல்கள் நின்றன. தெரு தூங்கியது. குடைக்கடையில் விரித்துத் தொங்கவிட்ட கறுப்புக் குடைகளுக்குக் கீழே அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், இறங்காத தூசி அவரைச் சுற்றி மினுமினுத்தது. வழியில் அவள் நாலு வாசகங்களைத் தயார் செய்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரு 'ஏன்னா' இருந்தது. அவற்றை வாசலிலேயே உதறினாள்.

"அண்ணே, கதவு வேண்டாம்."

"ஏன் தங்கச்சி?"

"எனக்கு அங்க தனியா இருக்கத்தான் பிடிக்குது."

அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. அந்தச் சொல் வரவில்லை. கண்கள் அவள் முழங்காலைப் பார்த்தன, கூரையைப் பார்த்தன, கடிகாரத்தைப் பார்த்தன. எதையாவது நகர்த்த முடியுமா என்று தேடின. "சத்தம் தொந்தரவா? துணி கட்டித் தொங்க விட்டுக்கலாம்…"

"சத்தம் இல்லண்ணே."

"என் மேல ஏதாவது குறை…"

"ஒரு குறையும் இல்ல. நீங்கன்னு இல்ல, யார் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அந்தக் கடைக்குள்ள இருக்கற நேரம் ஒண்ணுதான் என்னோடது. முதல் நாளே சொல்லியிருக்கணும். முழங்கால் வலின்னது பொய். என் வீட்டுக்காரர் கோவக்காரர்ங்கறதும் பொய். உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னோம். உங்க உடம்பைத் தின்னுட்டோம்."

பின்னாலொரு நாள் பார்க்கலாம் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. எவ்வளவு இதமான வார்த்தை! அதை விழுங்கினாள். அதுவும் ஒரு ஜன்னல். தருவதற்கு மெய்யாகவே அவளிடம் இருந்தது ஒன்றுதான், அதைச் சொன்னாள்: "காலையில எடை பார்க்க எப்பவும் போல வாங்க. அது எனக்குப் பிடிக்கும்."

அவர் அழுதார். மெய்க்கு வலி இல்லை என்று இந்தத் தெருவில் யாரும் சாதித்ததில்லை. விரித்த குடைகளை ஒவ்வொன்றாக மடக்கினார், கடையைச் சாத்தினார், ஒன்பது நாள் திறக்கவில்லை. வாத்தியார், "நான் அப்பவே சொன்னேனே" என்றார். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டார், ஆட்சேபிக்க வந்துவிட்டது! கொல்லைப்புறம் போய், அதற்குள் வாங்கி வந்துவிட்ட கழுதையைப் பார்த்து, இது இங்கே கூடாது என்று வாயாரக் கத்தினார். தெருவே கேட்டு நிம்மதியடைந்தது. தராசுக்காரி படியேறும்போது முழங்கால் பழைய வயதுக்கு இறங்கியிருந்தது, லேசாகக் கிறீச்சிட்டது. ஒன்பது நாளும் அடுத்த கடையின் மூடிய ஷட்டரைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு முள்ளில் மனசு நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் நினைக்கவில்லை. முள் ஆடி அடங்கும் வரை கை வைக்கக் கூடாது என்பது அவள் தொழில்.

பத்தாம் நாள் காலை அவர் வந்தார், பஞ்சில்லாத சட்டையில். நேரே மேடையில் ஏறினார். அவள் திரும்ப எடுத்துக்கொண்ட பொய்கள் இரண்டின் எடையும் உடம்பில் திரும்பியிருந்தது: அறுபத்தைந்து கிலோ ஐந்நூறு. "பரவாயில்லையே" என்றார். பிறகு முடிதிருத்துபவர் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்காரலாமா என்று கேட்டார். விஷயம் கேள்விப்பட்டிருந்த முடிதிருத்துபவர் நன்றாக யோசித்து, "இன்னிக்கு இஷ்டமில்லண்ணே" என்றார். குடைக்கடைக்காரர் சரி என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு கிராம் குறையவில்லை. அந்த வருஷ முடிவுக்குள் தெரு முழுவதும் அந்தப் பேச்சைப் பழகிக்கொண்டது. முதலில் கூசியது, பிறகு வாய்க்கு வந்துவிட்டது. இஷ்டமில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள், இஷ்டம் இருக்கிறபோது தாங்களாகவே குடைக்கடைப் படியேறி உட்கார்ந்தார்கள். அவருக்கு இப்போது மழை இல்லாத மாதத்திலும் பேச ஆள் உண்டு.

பன்னிரண்டு தராசுகளையும் இரும்பு வைத்துக் கூலி வாங்காமல் திருத்திக் கொடுத்தாள் தராசுக்காரி. மீதி எடையையும் மீட்டுவிடலாம் என்று வீடு வீடாகப் போனாள். உரிமையாளரிடம், கடல் தாண்டித் திரும்பிப் போகிறீர்களா என்றாள். எனக்கு இங்கேதான் பிடித்திருக்கிறது என்றார். மாடிக்காரர்களிடம், நாலு விரற்கடை கீழே இறங்குவீர்களா என்றாள். மாட்டோம், காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, அதெல்லாம் இல்லாவிட்டாலும் மாட்டோம் என்றார்கள். தூசியைக் கேட்க வழியில்லை. அந்த மணி நேரத்தைத் திருப்பித் தரலாமா என்று கடைத்தெருவைக் கூட்டிக் கேட்டாள். "தரமாட்டோம்" என்றார்கள், ஒரே குரலில், கூசாமல். பின் வரிசையில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் கற்றுக் கொடுத்ததுதான்.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளபடி: தொடக்கம் எண்பத்திரண்டு. கொடுத்தது முப்பது கிலோ அறுநூறு. திரும்பி வந்தது, முழங்கால் ஐந்து ஐந்நூறு, வாத்தியார் எட்டு அறுநூறு, ஆகப் பதினாலு கிலோ நூறு. வராதது, உரிமையாளர் மூன்று இருநூறு, மாடி ஆறு ஐந்நூறு, தூசி இரண்டு நூறு, ஒரு மணி நேரம் நாலு எழுநூறு. பாக்கி பதினாறு கிலோ ஐந்நூறு கிராம். தெரு தர வேண்டியது.